நூல் வாங்கிய பணம் எத்தனை நாளில் திரும்ப வரும்? கேஷ் கன்வர்ஷன் சைக்கிள் கணக்கு

திருப்பூரில் உள்ளூர் மார்க்கெட்டுக்கு பனியன் தைக்கும் ஒரு சிறு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். மில்லிலிருந்து நூல் வருகிறது. அது துணியாகி, சாயம் ஏறி, தைத்து முடிந்து கடைக்குப் போகிறது. கடைக்காரர் பிறகுதான் பணம் தருகிறார். நூலுக்குக் கொடுத்த பணம் வசூலாகித் திரும்பும்வரை எத்தனை நாள் வெளியே நிற்கிறது என்பதுதான் இந்தக் கணக்கு. எண்கள் நான் போட்டவை, புரிவதற்காக ரவுண்டாக வைத்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி நீங்கலாக வருட விற்பனை 365 லட்சம். விற்ற சரக்கின் அடக்கவிலை 292 லட்சம். நூல், கூலி வேலை எல்லாம் சேர்த்துக் கடனுக்கு வாங்கியது 219 லட்சம். 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு விற்பனை 1 லட்சம், அடக்கம் 80,000, கொள்முதல் 60,000. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதலில் சரக்கு நாட்கள். சராசரி ஸ்டாக் 48 லட்சம். அதை 80,000ஆல் வகுத்தால் 60 நாள். ஸ்டாக் அடக்கவிலையில் இருப்பதால் விற்பனையால் வகுக்கக் கூடாது.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். பேலன்ஸ் ஷீட்டில் மார்ச் 31 ஸ்டாக் மட்டும்தான் இருக்கும். அன்று 32 லட்சம் என்றால் 40 நாள்தான் வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தீபாவளிக்கு முன்னால் குடோன் நிரம்பி வழிந்தது அதில் தெரியாது. வங்கியில் சிசி எனும் கேஷ் கிரெடிட் கடன் லிமிட் இருந்தால் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பன்னிரண்டையும் எடுத்துச் சராசரி போடுங்கள். சாயப்பட்டறையில் கிடக்கும் துணியும் உங்கள் ஸ்டாக்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து வரவேண்டிய பாக்கி. கடைக்காரர்கள் தரவேண்டியது சராசரியாக 78.75 லட்சம். இதை அப்படியே 1 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 79 நாள் வரும். ஆனால் பாக்கியில் 5% ஜிஎஸ்டி இருக்கிறது, விற்பனையில் இல்லை. பாக்கியை 1.05ஆல் வகுத்தால் 75 லட்சம், அதாவது 75 நாள். வரி விகிதம் கூடக்கூட இந்தத் தப்பும் பெரிதாகும்.

மூன்றாவது கொடுக்க வேண்டிய பாக்கி. மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் தரவேண்டியது 25.20 லட்சம். இதிலும் 5% வரியைக் கழித்தால் 24 லட்சம். 60,000ஆல் வகுக்க 40 நாள். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் அடக்கவிலையால்தான் வகுப்பார்கள், அப்படிச் செய்தால் 30 நாள் வரும். கொள்முதல் எண் கையில் இருந்தால் எனக்கு அதுதான் சரி. எதை எடுத்தாலும் வருடா வருடம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் ஒப்பிட முடியாது.

எக்செல்லில் B1 முதல் B3 வரை ஸ்டாக், வரவேண்டியது, கொடுக்க வேண்டியது. C1 முதல் C3 வரை முழு வருடத்துக்கான அடக்கவிலை, விற்பனை, கொள்முதல். பாக்கிகளை வரி கழித்துப் போடுங்கள்.

```
=B1/C1*365 + B2/C2*365 - B3/C3*365
```

60 + 75 − 40 = 95 நாள்.

சரி, இது ரூபாயில் எவ்வளவு? பலர் 95ஐ ஒரு நாள் விற்பனையால் பெருக்கி 95 லட்சம் என்பார்கள். உண்மையில் 48 + 75 − 24 = 99 லட்சம் உள்ளே மாட்டியிருக்கிறது. மூன்று நாட்களும் ஒரே விலை இல்லை என்பதுதான் காரணம். வசூலில் ஒரு நாள் குறைந்தால் 1 லட்சம் வெளியே வரும். ஸ்டாக்கில் ஒரு நாள் குறைந்தால் 80,000. மில்லுக்கு ஒரு நாள் தள்ளிக் கொடுத்தால் 60,000 மட்டும்.

அதனால் இந்த யூனிட்டில் முதலில் வசூலில்தான் கை வைக்க வேண்டும். 75 நாளை 60 ஆக்கினால் 15 லட்சம் கைக்கு வரும். சிசி வட்டி 10% என்று வைத்தால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் மிச்சம். அதே 15 நாளை மில்லுக்குத் தள்ளினால் கிடைப்பது 9 லட்சம்தான்.

அதற்கும் சட்டத்தில் எல்லை உண்டு. உங்களுக்கு நூல் தருவது பதிவு செய்த குறு, சிறு நிறுவனம் என்றால், 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் கூட்டுவட்டி ஏறும். நமது 40 நாள் சராசரிதான். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோமா, சராசரிக்குள் 70 நாள் பில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பில் வாரியாகப் பார்த்துவிடுங்கள்.