ஒரே வாக்கியம், மூன்று வடிவம்: எதை அனுப்புவது?

குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டியிருந்தது. எழுதிப் பார்த்த மூன்று வடிவங்கள் இவை:

அ) மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி மேற்கொள்ளப்படுவதால் நாளை காலை 9 மணி முதல் 1 மணி வரை தண்ணீர் விநியோகம் நிறுத்தப்படும்.

ஆ) நாளை காலை 9 முதல் 1 வரை தண்ணீர் வராது. முன்பே பிடித்து வையுங்கள்.

இ) தொட்டி கழுவுகிறோம், நாளை காலை தண்ணீர் இருக்காது.

மூன்றையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எக்செல் அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. நோக்கத்தில் தோற்ற வாக்கியம் சுருக்கத்தில் மதிப்பெண் வாங்கி மேலே வந்துவிடும். ஒரு சோதனையில் தோற்றால் அடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

முதலில் நோக்கம். படித்தவர் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். அதை ஆ மட்டுமே சொல்கிறது. இ எப்போது தண்ணீர் திரும்பும் என்றுகூடச் சொல்லவில்லை, அதனால் அது போயிற்று. அ-வில் நேரம் இருக்கிறது, செய்ய வேண்டியதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ளலாம். அதைச் சந்தேகத்தில் வையுங்கள்.

அடுத்து வாசகர். வாக்கியத்தை ஒருவருக்கு ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டி, "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். அ-வில் தண்ணீர் என்ற சொல் வருவதற்குள் பாதி வாக்கியம் தாண்டிவிடுகிறது. கேட்பவர் தொட்டியைப் பற்றித்தான் திருப்பிச் சொல்வார்.

கடைசியில் நீளம். பலரும் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரியும், பெரும்பாலும் செலவும் துண்டுக் கணக்கில்தான். இங்கே குறி என்பது நாம் எண்ணும் எழுத்து இல்லை. 'தண்ணீர்' நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு ஏழு குறி: புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். இடைவெளியும் கணக்கில் சேரும். பைத்தான் இருந்தால் இது போதும்:

```
print(len("தண்ணீர்"))
```

7 என்று வரும். இப்படி எண்ணினால் அ 128, ஆ 65, இ 48. அ இரண்டு துண்டாகிறது, ஆ ஒன்றிலேயே அடங்குகிறது. நீளத்தை முதலில் சோதித்து, இருப்பதிலேயே சுருக்கமானதை எடுத்திருந்தால் இ வென்றிருக்கும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "நள்ளிரவுக்குப் பிறகு பார்ப்பவருக்கு 'நாளை' எந்த நாள்?" என்று கேட்டார். சரியான கேள்வி. எங்கே படிப்பார், எப்போது படிப்பார் என்பதும் வாசகர் சோதனையில் சேரும். 'நாளை' என்பதை 'செவ்வாய்' ஆக்கினால் நான்கு குறி கூடி 69 ஆகிறது. மயிரிழையில் தப்பியது! ஆனால் அதே இடத்தில் 'திங்கட்கிழமை' வந்தால் 70-ஐத் தாண்டிவிடும், அப்போது 'முன்பே' என்ற சொல்லை எடுத்துவிடலாம்.

அப்புறம், இதே செய்தியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதானால் 70 குறிக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே நின்று படிப்பவர் "ஏன்?" என்று கேட்பார். ஆ-வின் கடைசியில் "தொட்டி கழுவுகிறோம்" என்று சேர்த்து ஒட்டுங்கள்.