அட்டையில் நம்பர் அதேதான், திகதி மட்டும் மாறிவிட்டது

உப்புவெளியில் என் அத்தானுக்கு ஆறு அறையுள்ள சின்ன விடுதி ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு இணையத்தளமும், அந்தப் பெயரிலேயே ஒரு மின்னஞ்சலும் உண்டு. அந்த இணையத்தளப் பெயருக்கு ஆண்டுக்கு 12 டொலர். அவரது வங்கி அட்டையில் இருந்து அது தானாகவே கழியும். போன மழைக்காலத்தில் அது கழியவில்லை. ஜனவரி முதல் வாரம் அதைச் சரிசெய்ய அவருக்கு 92 டொலர் போனது. அந்த 80 டொலர் வித்தியாசம் எப்படி வந்தது என்று சொன்னால், இந்த விஷயத்தில் எல்லோரும் விடும் தவறுகள் தானாகவே வந்துவிடும்.

அவருடைய பழைய அட்டையில் 10/25 என்று இருந்தது. ஒக்டோபர் 31ஆம் திகதி முழுவதும் அது செல்லும், அடுத்த நாள் செல்லாது. வங்கி புது அட்டையை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. பதினாறு இலக்கமும் பழையதுதான். “நம்பர் மாறேல்லத்தானே, பிறகென்ன மாத்திறது?” என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இதுதான் முதல் தவறு, படித்தவர்களும் விடுவது. நம்பர் மாறாவிட்டாலும் காலாவதித் திகதியும் பின்பக்க மூன்று இலக்கமும் மாறிவிடும். பெயரை விற்ற நிறுவனத்திடம் கிடப்பது பழைய திகதி. அதை வைத்துப் பணம் கேட்டால் வங்கி பெரும்பாலும் மறுத்துவிடும்.

விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் புதுத் திகதியை வியாபாரிக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவை இருக்கிறது. உங்கள் வங்கியும் அதில் சேர்ந்திருக்க வேண்டும், அந்த நிறுவனமும் சேர்ந்திருக்க வேண்டும். “என் மற்றச் சந்தா தடங்காமல் போகுதே” என்று சிலர் சொல்வது இதனால்தான். ஒன்றில் வேலை செய்தது இன்னொன்றிலும் செய்யும் என்று நம்பக்கூடாது.

சரி, மறுத்த பிறகு என்ன நடக்கும்? வங்கி மறுக்கும்போது காரணத்தை ஒரு இலக்கமாகத் திருப்பி அனுப்பும். 51 என்றால் கணக்கில் காசு போதாது, 54 என்றால் அட்டை காலாவதி. காசு போதாவிட்டால் சம்பள நாளுக்குப் பிறகு மறுபடி முயன்றால் கிடைக்கலாம். ஆனால் 54க்கு எத்தனை தரம் தட்டினாலும், திகதியை யாராவது மாற்றும்வரை பதில் ஒன்றுதான். இருந்தும் நிறுவனங்கள் முயல்கின்றன. இடையில் நீங்களோ வங்கியோ திகதியைத் திருத்திவிடலாம் என்ற கணக்கில்தான். எல்லையில்லாமல் முயலவும் முடியாது: மறுக்கப்பட்ட ஒரு கொடுக்கல்வாங்கலை எத்தனை தடவை மறுபடி கேட்கலாம் என்பதற்கு விசா விதியில் எல்லை உண்டு. நடைமுறையில் பல நிறுவனங்கள் மூன்று நான்கு முறையோடு விட்டுவிடும். அத்தானுக்கு நவம்பர் 3, 6, 10, 13 என்று நாலு தரம். 14ஆம் திகதி பெயர் காலாவதி.

இங்கே பலர் நினைப்பது, அட்டை செல்லாமல் போனால் சந்தாவும் தானாக நின்றுவிடும் என்று. அது இரத்துச் செய்வதாகாது. மாதாமாதம் போகும் சந்தாவில் சேவையை நிறுத்தி வைத்துவிட்டு, பாக்கியைப் பற்றுச்சீட்டில் அப்படியே வைத்திருப்பார்கள். தாமதக் கட்டணம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும் சேரும். வேண்டாம் என்றால் உள்ளே போய் நிறுத்தத்தான் வேண்டும்.

பெயர் விஷயத்தில் கதை இன்னும் கடினம். ஒரு .com பெயர் காலாவதியானதும், எல்லா .com பெயர்களின் பதிவேட்டையும் வைத்திருக்கும் பதிவகம் அதைத் தானாகவே ஒரு வருடம் நீட்டி, விற்ற நிறுவனத்திடம் காசை எடுத்துக்கொள்ளும். 45 நாளுக்குள் நிறுவனம் அந்தப் பெயரை நீக்கினால் காசு திரும்பக் கிடைக்கும். ஆகவே கட்டாத ஆளுக்காக நிறுவனம் அதற்கு மேல் காத்திராது. நவம்பர் 14இல் இருந்து எண்ணினால் டிசெம்பர் 29. அதற்குள் பல நிறுவனங்கள் வழக்கமான கட்டணத்துக்கே புதுப்பித்துத் தரும். நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம், ஜனவரி 28 வரை. இந்த நாட்களில் பெயரைப் பதிவகத்திடம் இருந்து மீட்டெடுக்கத் தனிக் கட்டணம். அத்தான் கட்டிய 80 டொலர் அதுதான். அதுவும் தவறினால் ஐந்து நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இதைப் பார்க்க நிறுவனத்திடம் கேட்கத் தேவையில்லை. lookup.icann.org இல் பெயரை அடித்தால் நிலை தெரியும். autoRenewPeriod என்றால் இன்னும் மலிவாகத் தப்பலாம், redemptionPeriod என்றால் மீட்புக் கட்டணம், pendingDelete மட்டும் தனியாக இருந்தால் முடிந்தது. ஒரு சிக்கல்: autoRenewPeriod இருக்கும்போது காலாவதித் திகதி அடுத்த வருடம் என்று காட்டும். அது பதிவகம் தானாக நீட்டியது. அதைப் பார்த்து “கட்டியாச்சு” என்று இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

எச்சரிக்கை மின்னஞ்சல் வரவில்லையா? வந்தது. விதிப்படி காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும், ஒரு வாரம் முன்னும், முடிந்து ஐந்து நாளுக்குள் ஒரு முறையும் அறிவிக்க வேண்டும். ஆனால் நவம்பரில் திருமலையில் மழை, கடல் கொந்தளிப்பு, புறாத்தீவுக்குப் போக ஆளில்லை, விடுதி பூட்டு. அஞ்சல் பெட்டியை யார் பார்ப்பது? மூன்றாவது அறிவிப்பு கிடைக்கவே இல்லை. அவர் கொடுத்திருந்த முகவரி விடுதியின் சொந்தப் பெயரில் இருந்தது. பெயர் நின்றதும் அந்த முகவரியும் நின்றுவிட்டது. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அங்கேதான் போனது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. நிறுவனத்துக்கு அடையாள அட்டைப் படம் அனுப்பி உள்ளே போக மூன்று நாள் ஆனது. கணக்கின் தொடர்பு முகவரி எப்போதும் வேறொரு இலவச அஞ்சலாக இருக்கவேண்டும்.

உள்ளே போன பிறகும் இரண்டு இடத்தில் தடுக்கினார். புது அட்டையைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று வந்துவிட்டார். அட்டையைச் சேர்ப்பது வேறு, நிலுவைப் பற்றுச்சீட்டைக் கட்டுவது வேறு. கடைசி முயற்சி முடிந்த பிறகு பல இடங்களில் அது தானாகப் போகாது, கட்டும் பொத்தானை நாங்கள்தான் அழுத்தவேண்டும். அழுத்தியபோது மறுபடி மறுப்பு, இந்த முறை வேறு காரணம்: புது அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு முடக்கியபடியே வந்திருந்தது. வங்கிக்கு ஒரு அழைப்பு எடுத்துத் திறந்த பிறகுதான் போனது.

பதற்றத்தில் நிலுவையை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு சந்தாவைப் பதிந்து கட்டுகிறவர்களும் உண்டு. பழைய பற்றுச்சீட்டு திறந்தே இருக்கும். நிறுவனத்தின் முயற்சிகள் இன்னும் முடியாமல் இருந்தால், அடுத்த முயற்சியில் புது அட்டையில் இருந்து அதுவும் கழியும். இரண்டு தரம் கட்டியதைத் திருப்பி வாங்க வாரக்கணக்கில் எழுதவேண்டி வரும்.

அத்தான் இப்போது பெயரை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டார். புது அட்டை அதற்கு முந்திய வருடம் காலாவதியாகிறது. அந்த மாதத்தை வரவேற்பு மேசைக் கலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அக்கா அதன் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 92 என்று எழுதியிருக்கிறாள்.