அப்பாவின் பாதிக் கல்லூரிப் படிப்பும் நகராத உதவித்தொகை விண்ணப்பமும்

குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், கட்டுரை எல்லாம் ஏற்றிய பிறகும் 'ஆவணம் நிலுவையில்' என்றே காட்டியது. எந்த ஆவணம் என்று சொல்லவில்லை.

கோப்பின் அளவைக் குறைத்தேன், வேறு உலாவியில் முயன்றேன், வருமானச் சான்றைப் புதிதாக ஸ்கேன் செய்தேன். பலனில்லை. அப்புறம், "என் எந்தப் பதிலுக்கு ஆவணம் தேவை?" என்று மின்னஞ்சலில் கேட்டேன். பெற்றோர் கல்விக்கு என்று பதில் வந்தது.

அப்பா கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் நின்றவர். படிவத்தில் 'கல்லூரி' என்று ஒரே தேர்வுதான் இருந்தது. அதைத் தொட்டால் பட்டச் சான்றிதழ் கேட்கும். வாங்காத பட்டத்துக்கு எங்கே போவது? பெற்றோர் பட்டம் முடிக்காவிட்டால் பல திட்டங்களில் தகுதி உண்டு. இதிலும் அப்படியே என்று விதியில் பார்த்துக்கொண்டேன். பட்டம் பெறவில்லை என்று அப்பா கையெழுத்திட்ட உறுதிமொழியையும் அவருடைய பள்ளி இறுதிச் சான்றையும் அனுப்பினேன். மறுநாளே நிலுவை நீங்கியது.

கட்டுரையிலும் இதைத் திருத்தினேன். 'வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை' என்பது படிவத்தோடு முரண்படும். அப்பா ஏன் நின்றார், அதனால் கல்லூரி விஷயங்களை நான் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று எழுதினேன்.

கடைசித் தேதியையும் இரண்டாகப் பாருங்கள்: விண்ணப்பத்துக்கு ஒன்று, ஆவணங்களுக்கும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் வேறொன்று இருக்கலாம். நேரம் எந்த நாட்டுக் கணக்கு என்பதையும் சரிபாருங்கள்.