பெட்டியில் போத்தல் வைக்கும் முன்

ஊருக்குப் போகும்போது டியூட்டி ஃப்ரீயில் இரண்டு போத்தல் வாங்குவது நம்மில் பலருக்குக் கைப்பழக்கம். தங்கப்போகும் வீட்டில் ஒருவர் அண்மையில்தான் குடியை விட்டிருக்கிறார் என்றால், அந்த வீட்டுக்கு என்ன விதி என்பதைப் பயணத்துக்கு முன்பே போனில் கேட்டு முடிவாக்குங்கள்.

என் அண்ணா குடியை விட்ட ஏழாவது வாரத்தில் நான் போனேன். ஒரு மச்சான் விஸ்கி கேட்டிருந்தான். "வந்து சேர்ந்ததும் அலுமாரியில பூட்டி வைப்பம்" என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி உடனே மறுத்துவிட்டா. "சாவி எங்க எண்ட யோசனை அவருக்கு. சாவியக் காவிக்கொண்டு திரியிற வேலை எனக்கு. வேண்டாம்."

அவ சொன்னதுதான் சரி. குடிக்க வேண்டும் என்ற வேட்கை பெரும்பாலும் அலைபோல ஏறி, சில நிமிடங்களிலோ அரை மணி நேரத்துக்குள்ளோ இறங்கிவிடும். கடைவரை நடந்துபோக வேண்டியிருந்தால் அதற்குள் அலை இறங்க இடமுண்டு. போத்தல் வீட்டிலேயே இருந்தால் அந்த இடைவெளி இல்லை. ஒளித்து வைப்பதும், போத்தலில் அளவுக்கோடு போடுவதும் இன்னும் மோசம். வீட்டில் ஒருவர் திருடன், மற்றவர் காவலர் என்றாகிவிடும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு நான் சொல்லக்கூடிய விதி ஒன்றுதான்: வீட்டுக்குள் மது வராது. யாருக்காகவும், ஒரு இரவுக்கும். ஆல்கஹால் இல்லாத பியரும் இதில் அடங்கும். சிலவற்றில் சிறிதளவு ஆல்கஹால் இருக்கிறது. இல்லாவிட்டாலும் அந்த மணமும் சுவையும் வேட்கையைக் கிளப்பலாம்.

விதியை முடிவாக்கும்போது விட்டவரையே முதலில் கேளுங்கள். "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு அண்ணா?" என்று நான் கேட்டபோது, போத்தலைவிட, குடித்துவிட்டு வருபவரின் வாய் மணம்தான் கஷ்டம் என்றார். நான் நினைத்தே பார்க்காத பதில் அது. அதிலிருந்து இரண்டாவது விதி பிறந்தது: வெளியே குடிக்கிறவர் அன்றிரவு வேறெங்காவது தங்குவார்.

மச்சானுக்கான போத்தலை விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு பிழை விட்டேன். அவனுக்கு விதியைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை, என்னோடு சேர்ந்து குடிக்கலாமென்று அதே போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பையைக் கீழே வைத்தபோது கண்ணாடி தரையில் தட்டிய சத்தம் கேட்டது. பேசிக்கொண்டிருந்த அண்ணா நிறுத்திவிட்டார். பையை எடுத்துக்கொண்டு மச்சானை வாசலுக்குக் கூட்டிப்போய்த்தான் விஷயத்தைச் சொன்னேன். உங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது உங்கள் பொறுப்பு, வீட்டுக்காரருடையது அல்ல. "இந்த வீட்டில இப்ப குடி இல்லை" என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

மருந்தையும் கேட்டு வையுங்கள். அண்ணா, குடியை விட்டபடியே இருக்க உதவும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தார். அதோடு ஆல்கஹால் சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, மூச்சுத்திணறல் வரும். சிலருக்கு உயிராபத்தாகவும் முடியும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். ஆகவே நான் கொண்டுபோன வாய் கொப்பளிக்கும் திரவம், இருமல் சிரப், கைச்சுத்தி ஜெல் எல்லாவற்றின் லேபிளையும் பார்த்தேன். ஆல்கஹால் இருந்தவற்றை வீட்டில் வைக்கவில்லை. இந்த மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர் தெரியாமல் குடித்தால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த விதியெல்லாம் ஏற்கெனவே விட்டவருக்குத்தான். தினமும் நிறையக் குடிக்கிறவரின் போத்தல்களை நீங்கள் வந்த வேகத்தில் ஊற்றிவிடாதீர்கள். திடீரென நின்றால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் கடும் நடுக்கமும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் வைத்தியர்.

எங்காவது ஒரு போத்தல் அகப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் முடிவானது இது: கண்டவர் சத்தம் போடாமல் வெளியே கொண்டுபோவார். அண்ணாவிடம் அன்றே, தனியாக, அண்ணி மட்டும் பேசுவா. அண்ணா குடித்திருந்தால் தன் சிகிச்சையாளருக்குத் தானே போன் எடுப்பார். வாக்குவாதம் மறுநாளுக்கு.

நீங்கள் சில வாரங்களில் திரும்பிவிடுவீர்கள், விதியோடு வாழப்போவது அவர்கள். அதனால் எப்போது மறுபடி பேசுவது என்று ஒரு திகதியையும் குறித்துக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து, அந்த நாளில், போனில் அண்ணாவே சொன்னார்: "இன்னும் ஆறு மாசம் இப்பிடியே இருக்கட்டும்."