ஏ2 3.4 சதவீதம்: ‘நார்மல்’ என்று எழுதும் முன்

நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனை மேசையில் பல வருடம் இருந்துவிட்டேன். பரம்பரை ரத்தசோகை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமக்கும் கேரியரைக் கண்டுபிடிக்க, அவர்களிடம் கூடுதலாக இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 வகையை அளக்கும்போது நடக்கும் பிழைகளில் பாதி எந்திரத்தின் பிழை அல்ல. ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் பிழை.

ஒரு கேஸ் சொல்கிறேன். குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒன்பது வாரக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். வேறொரு லேபில், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. செய்து ஏ2 3.4 என்று வந்திருந்தது. கேரியருக்கான எல்லையான 3.5-க்குக் கீழே இருந்ததால் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவருடைய மற்ற ரத்த எண்ணிக்கைகளை யாரும் கூட வைத்துப் பார்க்கவில்லை. ஹீமோகுளோபின் 10.1, சிவப்பணு 52 லட்சம், அணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 63. வெறும் இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் சிவப்பணுவின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். இங்கே அணு சிறிதாக இருக்கிறது, எண்ணிக்கையோ குறையவில்லை. இது கேரியர் சாயல். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தோம், 7 வந்தது. அப்படியென்றால் இரும்புக் குறைவும் இருக்கிறது.

சிக்கலே இதுதான். இரும்பு குறைந்தால் ஏ2 சற்றுக் கீழே இறங்கும். பெரும்பாலான கேரியர்களுக்கு அப்படி இறங்கியும் 3.5-க்கு மேலேயே நிற்கும். சிலருக்கு மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழே வந்துவிடும். பீட்டா மரபணுவில் லேசான மாற்றம் உள்ளவர்களுக்கும் இந்த இடத்தில்தான் எண் வந்து நிற்கும். எனவே 3.3 முதல் 3.9 வரை எதுவாக இருந்தாலும் ‘எல்லைக்கோட்டு மதிப்பு, ரத்த எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்று எழுதுவதே சரி.

அடுத்த தவறு, இரும்பு மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்பது. கர்ப்பம் இல்லாதவருக்கு அது நல்ல யோசனை. ஒன்பது வாரத்தில் இருப்பவருக்கு அவ்வளவு நாள் கிடையாது. மாத்திரையைத் தொடங்கிவிட்டு, அன்றைக்கே கணவரையும் கூப்பிட வேண்டும். அவர் வந்து, “எனக்கு ஒரு சூக்கேடும் கிடையாதே, எனக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்?” என்றார். கேரியருக்குப் பெரும்பாலும் சூக்கேடு எதுவும் இருக்காது, அதனால்தான் எடுக்கிறோம் என்றேன். அவருக்கு எம்.சி.வி. 64, ஏ2 5.4. அவர் கேரியர் என்பதில் சந்தேகமில்லை. உடனே மனைவியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம், அவரும் கேரியர்தான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு முழு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. முதல் ரிப்போர்ட்டை நம்பியிருந்தால் கருவைப் பரிசோதிக்கும் வாய்ப்பே கைநழுவிப் போயிருக்கும்.

எண் கூடுதலாக வந்தாலும் ஏமாறலாம். எச்.பி.எல்.சி.-யில் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட வகை ஏ2-வின் இடத்திலேயே வந்து விழும். எந்திரம் அதையும் சேர்த்து ‘ஏ2 28 சதவீதம்’ என்று அச்சிடும். வடகிழக்கிலும் வங்காளத்திலும் இது அதிகம். அங்கிருந்து கட்டட வேலைக்கு வருபவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள், அதனால் நம் லேபுகளிலும் இதை எதிர்பார்க்கலாம். ஏ2 10-க்கு மேல் வந்தால் அது ஏ2 மட்டும் அல்ல என்று கொண்டு, கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ் போன்ற வேறு முறையில் பார்க்க வேண்டும். ஈ கேரியரும் பீட்டா கேரியரும் தம்பதியாக இருந்தாலும் குழந்தைக்குத் தீவிர நோய் வரலாம்.

எச்.பி.எல்.சி. இல்லாத இடத்தில் மைக்ரோ காலம்தான். (நேரத்தைச் சொல்லும் காலம் இல்லை, பிசின் நிரப்பிய சின்னக் குழாய்.) அதில் ஏ2 முதலில் கழுவி வெளியே வரும், ஏ குழாயிலேயே தங்கும். பிறகு 415 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளப்போம். இங்கே நம் ஊர் வெக்கை ஒரு வேலை காட்டும். குழாயைக் கழுவும் கரைசலான டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய 0.03 இறங்கும். ஏ.சி. அறையில் 22 டிகிரியில் சரிசெய்துவிட்டு, மின்விசிறி மட்டும் ஓடும் 32 டிகிரி அறையில் ஓடவிட்டால் 0.3 குறைந்துவிடும். அப்போது பிசினின் பிடி தளர்ந்து, ஏ-வும் கொஞ்சம் ஏ2-வோடு ஒழுகும். மொத்தத்தில் ஏ சுமார் 96 சதவீதம் என்பதால், அதில் நூற்றில் ஒரு பங்கு ஒழுகினாலே 2.8 ஆக இருக்க வேண்டிய ஏ2 கிட்டத்தட்ட 3.8 ஆகிவிடும். நார்மலான ஒருவர் சும்மா சந்தேகத்துக்குள் வந்துவிடுவார்.

இதைப் பிடிக்க, விடை தெரிந்த ஒரு நார்மல் சாம்பிளையும் ஒரு கேரியர் சாம்பிளையும் அன்றன்று கூட ஓட்ட வேண்டும். நார்மல் சாம்பிள் வழக்கத்தைவிட மேலே போனால் பஃபரைத்தான் முதலில் சந்தேகப்படணும். ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு குழாயில் போட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் 0.2-ஐத் தாண்டினால் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம், ரத்தம் ஏற்றி நான்கு மாதம் ஆகாதவர் சாம்பிளை எந்த முறையில் ஓட்டினாலும் வரும் எண்ணில் ஒரு பகுதி ரத்தம் கொடுத்தவருடையதாக இருக்கலாம். அதைப் படிவத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் ஒழிய யாரும் தாமாகச் சொல்வதில்லை.