லீனியர் சிர்ப்: சாய்ந்த கோடு தெரிந்தும் சிக்னல் தவறாக இருப்பது எப்படி

200 ஹெர்ட்ஸில் தொடங்கி, 2 விநாடிக்குள் ஒரே சீராக 2200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒரு சிக்னல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1000 ஹெர்ட்ஸ் ஏற்றம். இதுதான் லீனியர் சிர்ப். முதல்முறை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் யோசிப்பார்கள்: சாதாரண கொசைன் அலைக்கு cos(2πft) என்று எழுதுகிறோம், இங்கே f நேரத்தோடு மாறுகிறது, ஆகவே f இருக்கும் இடத்தில் 200 + 1000t என்று போட்டால் முடிந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி உருவாகும் சிக்னல் 2200 ஹெர்ட்ஸில் நிற்காது, 4200 வரை போய்விடும்.

இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாததற்குக் காரணம், நேரம் செல்லச் செல்ல அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் இதற்கும் அழகான நேரான சாய்ந்த கோடுதான் வரும். 200இல் தொடங்கும், வளையாமல் ஏறும். கோடு வந்துவிட்டது, சிர்ப் சரி என்று மேலே போய்விடுகிறோம். கோடு நேராக இருப்பது, அதிர்வெண் சீராக ஏறுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரிய, அச்சில் உள்ள எண்களைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஏற்றம் ஏன் இரட்டிப்பாகிறது

கொசைனுக்குள் நாம் கொடுப்பது அதிர்வெண் அல்ல, ஃபேஸ். அதாவது அலை இதுவரை மொத்தம் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்ற கணக்கு. அந்தக் கணக்கு இந்தக் கணத்தில் எந்த வேகத்தில் கூடுகிறது என்பதே கணநேர அதிர்வெண். ஃபேஸை நேரத்தைப் பொறுத்து வகையிட்டு 2π-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். வண்டியின் வேகத்துக்கும் கடந்த தூரத்துக்கும் உள்ள அதே உறவு. வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது, கடைசியில் முள் காட்டும் வேகத்தை மொத்த நேரத்தால் பெருக்கி யாரும் தூரம் கணக்கிட மாட்டார்கள். cos(2πf(t)t) என்று எழுதும்போது நாம் அதைத்தான் செய்கிறோம்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2 விநாடியில் அதிர்வெண் 200இலிருந்து 2200க்குச் சீராக ஏறினால் சராசரி 1200. ஆகவே அலை மொத்தம் 2400 சுற்று சுற்றியிருக்க வேண்டும். தவறான சூத்திரத்தில் t = 2 என்று போட்டுப் பாருங்கள்: 2200 × 2 = 4400 சுற்று. தொடக்கத்திலிருந்தே 2200 ஹெர்ட்ஸில் ஓடியதுபோன்ற கணக்கு. அந்தக் கூடுதல் சுற்றுகளை எல்லாம் அதே 2 விநாடிக்குள் சுற்றி முடிக்க வேண்டுமானால், அலை நாம் கேட்டதைவிட வேகமாக ஓடியே தீரவேண்டும். வகையிட்டாலும் இதேதான் வரும்: 200t + 1000t² என்பதன் வகைக்கெழு 200 + 2000t. தொடக்கம் சரி, ஏற்றம் இருமடங்கு.

சரியான ஃபேஸ் வேண்டுமென்றால் அதிர்வெண்ணைத் தொகையிட வேண்டும். 200 + 1000t-ஐத் தொகையிட்டால் 200t + 500t². அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். சாய்ந்த கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்பு அது.

```python
import numpy as np
fs = 8000
t = np.arange(2 * fs) / fs
f0, k = 200, 1000

f = f0 + k * t
bad = np.cos(2 * np.pi * f * t)
good = np.cos(2 * np.pi * (f0 * t + k * t**2 / 2))
```

இரண்டையும் ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டால், இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். `bad` சிக்னலின் கோடு 1.9 விநாடியில் 4000 ஹெர்ட்ஸைத் தொட்டு, அங்கிருந்து கீழே திரும்பி, 3800 பக்கம் வந்து முடியும். விநாடிக்கு 8000 சாம்பிள் எடுக்கும்போது 4000க்கு மேல் உள்ள எதையும் காட்ட முடியாது. 4200 என்பது மடங்கி 3800 ஆகத் தெரிகிறது. படத்தின் மேல் விளிம்பில் கோடு மோதித் திரும்புவதைப் பார்க்கிறவர்கள் பலர், சாம்பிள் வேகம்தான் பிரச்சினை என்று நினைத்து fs-ஐ 44100 ஆக்கிவிடுவார்கள். மடங்கல் மறைந்துவிடும். தவறு அப்படியே இருக்கும், இனி அதைக் காட்டிக்கொடுக்கவும் ஒன்றுமில்லை. கேட்ட அதிர்வெண் 2200தான் என்றால் கோடு 4000 பக்கமே போயிருக்கக் கூடாது. மடங்கலைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதற்கு k-ஐப் பாதியாக்கி ஒட்டுப்போடுவதும் உண்டு. லீனியர் சிர்ப்புக்கு விடை சரியாக வரும். அடுத்து அதிர்வெண் t²-ஆக ஏறும் ஒரு சிர்ப் வந்தால், அங்கே வகுக்க வேண்டியது 3-ஆல், ஒட்டு பிய்ந்துவிடும். அதிர்வெண் மேலும் கீழும் ஆடும் சிக்னல் என்றால் நிலைமை இன்னும் மோசம். 440 ஹெர்ட்ஸைச் சுற்றி, விநாடிக்கு 5 முறை, 10 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஆடவேண்டிய ஒலியை இதே தவறான முறையில் எழுதினால், முதல் விநாடி முடியும்போதே ஆட்டம் சுமார் 314 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். நேரம் ஆக ஆக இன்னும் பெருகும். என்னைக் கேட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் வழியைப் பழகுவது மேல். அது எல்லா வளைவுக்கும் பொருந்தும்:

```python
phase = 2 * np.pi * np.cumsum(f) / fs
x = np.cos(phase)
```

அப்புறம், கோடு ஏன் சாய்வாகத் தெரிகிறது

சிர்ப்புக்குள் எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்ற எண்ணம், முழு சிக்னலுக்கும் ஒரே எஃப்எஃப்டி எடுத்துப் பார்ப்பதால் வருவது. அப்படி எடுத்தால் 200 முதல் 2200 வரை கிட்டத்தட்டத் தட்டையான, ஓரங்களில் சிற்றலை அடிக்கும் ஒரு மேடு கிடைக்கும். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது. மேலே ஏறும் சிர்ப்பைத் திருப்பி, கீழே இறங்கும்படி வைத்தாலும் மேடு அதேதான்.

ஸ்பெக்ட்ரோகிராம் சிக்னலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எஃப்எஃப்டி போடுகிறது. ஒரு துண்டின் நடுப்புள்ளியிலிருந்து ஃபேஸை எழுதிப் பார்த்தால் அதில் இரண்டு பங்கு இருக்கும். ஒன்று, நடுப்புள்ளியின் அதிர்வெண்ணில் ஓடும் சாதாரண அலை. மற்றொன்று, πkτ² என்ற வளைவு. இதில் τ என்பது நடுவிலிருந்து உள்ள நேர இடைவெளி. துண்டு சின்னதாக இருந்தால் வளைவு சொற்பம், அந்தத் துண்டு ஒரே அதிர்வெண்ணுள்ள அலைபோலவே நடந்துகொள்ளும், எஃப்எஃப்டியில் ஓர் உச்சி வரும். அடுத்த துண்டின் நடுப்புள்ளியில் அதிர்வெண் கொஞ்சம் கூடியிருக்கும், உச்சியும் கொஞ்சம் மேலே. ஏற்றம் சீரானது என்பதால் இந்த உச்சிகள் ஒரே நேர்க்கோட்டில் விழுகின்றன.

துண்டு சின்னதாக இருந்தால் என்றேன். அந்த நிபந்தனையில்தான் அடுத்த தவறு ஒளிந்திருக்கிறது. இந்தத் துண்டை வெட்டும் விண்டோ நீளமாக இருந்தால் அதிர்வெண் துல்லியமாகத் தெரியும் என்று படித்திருப்போம். நிலையான அலைக்கு அது உண்மை. சிர்ப்புக்கு ஒரு எல்லைவரைதான்.

நம் சிக்னலுக்கு 2048 சாம்பிள் விண்டோ போடுங்கள். அது 256 மில்லிவிநாடி. எஃப்எஃப்டியின் படிகள் 3.9 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும், பார்க்கத் துல்லியம்தான். ஆனால் அந்த 256 மில்லிவிநாடிக்குள் சிர்ப் 256 ஹெர்ட்ஸ் ஏறிவிடுகிறது. துண்டின் ஓரத்தில் வளைவுப் பங்கு சுமார் 51 ரேடியன். ஒரே அதிர்வெண் என்ற கதையே அங்கே செல்லாது. கோடு தடித்த, மங்கலான பட்டையாகிவிடும். இரைச்சல் சேர்ந்துவிட்டது என்று இதைத் தவறாகப் படிக்கிறவர்கள் உண்டு. சரி, 64 சாம்பிள்? 8 மில்லிவிநாடியில் சிர்ப் 8 ஹெர்ட்ஸ்தான் நகரும், ஆனால் படிகள் 125 ஹெர்ட்ஸ் இடைவெளியில். கோடு மறுபடியும் தடிமன், போதாததற்குப் படிக்கட்டுபோல் ஏறும்.

நடுவில் எங்கே நிற்பது? விண்டோ நீளம் L என்றால், அதற்குள் சிர்ப் ஏறுவது kL ஹெர்ட்ஸ், விண்டோ பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய 1/L ஹெர்ட்ஸ். இரண்டும் சமமாகும் இடம் L = 1/√k. k = 1000 என்றால் 31.6 மில்லிவிநாடி, அதாவது 8000 சாம்பிள் வேகத்தில் சுமார் 253 சாம்பிள். 256 போட்டால் துண்டின் ஓரத்தில் வளைவு 0.8 ரேடியன்தான். ஹான் விண்டோ என்றால் அதன் ஓரங்கள் சுழியாக மங்குவதால் கொஞ்சம் நீளமாகவும் போகலாம். 512இல் கோடு இன்னும் மெல்லியதாகவே வரும். எஃப்எஃப்டி நீளத்தை மட்டும் கூட்டிச் சுழிகளால் நிரப்பினால் கோடு மெலியாது. படிகள் நெருக்கமாகும், அவ்வளவுதான்.

சரிபார்க்கும்போது

கோட்டில் இரண்டு இடங்களைப் படித்துவிட்டால் போதும். 0.5 விநாடியில் 700, 1.5 விநாடியில் 1700 என்று வந்தால் சரி. 1200, 3200 என்று வந்தால் பாதி விட்டுப்போயிருக்கிறது. 31 ஹெர்ட்ஸ் படியுள்ள படத்தில்கூட இந்த இருமடங்கு வேறுபாடு தப்பவே தப்பாது. அதிர்வெண் அச்சு லாக் அளவில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சரியான லீனியர் சிர்ப்பே வளைந்துதான் தெரியும்.

எண்ணாகவே வேண்டுமென்றால் ஃபேஸை மீட்டெடுத்து வகையிடலாம்:

```python
from scipy.signal import hilbert
ph = np.unwrap(np.angle(hilbert(good)))
fi = np.diff(ph) * fs / (2 * np.pi)
```

`fi[8000]` கிட்டத்தட்ட 1200 வரவேண்டும். `unwrap` விட்டுப்போனால், ஃபேஸ் π-இலிருந்து −π-க்குத் தாவும் ஒவ்வொரு இடத்திலும் விடை 8000 குறைந்து, 1200 வரவேண்டிய இடத்தில் −6800 என்று கீழ்நோக்கி முள் குத்தும். சிக்னலின் இரு முனைகளிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது ஹில்பர்ட் கணக்கின் ஓர விளைவு, அந்தச் சில சாம்பிள்களை விட்டுவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு சிர்ப்கள் ஓடும் சிக்னலுக்கு இந்த வழியைப் பயன்படுத்த வேண்டாம். மொத்தச் சிக்னலுக்கும் சேர்த்து ஒரே ஃபேஸ்தான் கிடைக்கும் என்பதால், `fi` இரண்டில் எதற்கும் சேராத எண்ணைக் கொடுக்கும். அங்கே ஸ்பெக்ட்ரோகிராமில் இரண்டு கோடுகளையும் தனித்தனியே படிப்பதுதான் வழி.