கெடுவை நீட்டிக்கக் கேட்பது எப்படி? ஒரு மெயிலைப் படிப்படியாக எழுதிப் பார்ப்போம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வேலையைக் குறித்த நாளில் முடிக்க முடியாது என்று தெரிந்ததும் என் மேலாளருக்கு ஒரு வரி எழுதினேன்: "சில காரணங்களால் தாமதமாகிறது, கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் நன்றாக இருக்கும்." அவரிடமிருந்து மூன்று கேள்விகள் திரும்பி வந்தன. என்ன காரணம்? எப்போது தருவீர்கள்? இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது? அந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் அவகாசம் கிடைத்தது. அதாவது என் முதல் மெயில் எந்த வேலையையும் செய்யவில்லை.

இந்த மூன்று பதில்களையும் முதல் மெயிலிலேயே எப்படிக் கொடுப்பது என்று பார்ப்போம். ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஒரு இயந்திரத்தின் பயனர் கையேட்டை மொழிபெயர்க்கிறீர்கள். 8 அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு 8 பக்கம், மொத்தம் 64 பக்கம். மார்ச் 2, திங்கட்கிழமை தொடங்கினீர்கள். மார்ச் 20, வெள்ளிக்கிழமை கெடு. 16-ஆம் தேதி மாலை வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது: இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை மாறிவிட்டது, அதனால் 6, 7-ஆம் அத்தியாயங்களைப் புதிதாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே மொழிபெயர்த்துவிட்டீர்கள். இப்போது அந்த 16 பக்கமும் வீண்.

படி 1: முடிந்ததை எண்ணுங்கள்

மெயிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதைத் தொடவே இல்லை என்று எழுதுங்கள். "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்பதை மட்டும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். "80 சதவீதம் ஆச்சு" என்பதும் அப்படித்தான். அதை வைத்து எதிரில் இருப்பவர் எதையும் திட்டமிட முடியாது. கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பகுதிதான் முடிந்த வேலை.

நம் உதாரணத்தில் 17-ஆம் தேதி காலை நிலவரம் இது: 1 முதல் 4 வரையான அத்தியாயங்கள் மொழிபெயர்த்து, சரிபார்த்து முடிந்தன. 5-ஆம் அத்தியாயத்தை மொழிபெயர்த்தாகிவிட்டது, சரிபார்க்கவில்லை. 6, 7 மறுபடி முதலிலிருந்து. 8-ஐ இன்னும் தொடங்கவில்லை.

படி 2: புதிய தேதியைக் கணக்குப் போட்டு எடுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "இன்னும் இரண்டு நாள் கேட்போம், மூன்று கேட்டால் கோபித்துக்கொள்வார்" என்று எதிரில் இருப்பவரின் முகத்தை நினைத்துத் தேதியை முடிவு செய்கிறார்கள். அந்த இரண்டு நாளும் முடிந்த பிறகு மறுபடி கேட்க வேண்டி வருகிறது. இரண்டாவது முறை கேட்பது முதல் முறையைவிடப் பல மடங்கு கடினம், ஏனென்றால் இப்போது நீங்கள் சொல்லும் தேதியை யாரும் நம்புவதில்லை.

நம் மனக்கணக்கு எப்போதும் குறைத்தே சொல்லும். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான கணிப்பையும் நிஜம் தாண்டிவிட்டது.

அதனால் நம்பிக்கையை நம்பாமல், இதுவரை நீங்கள் போன வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 2 முதல் 16 வரை 11 வேலை நாட்கள். அதில் 56 பக்கம் மொழிபெயர்க்க 9 நாள் ஆனது. நாளுக்கு ஏறக்குறைய 6 பக்கம். 32 பக்கம் சரிபார்க்க 2 நாள் ஆனது. நாளுக்கு 16 பக்கம்.

இனி மொழிபெயர்க்க வேண்டியது 6, 7, 8 ஆகிய மூன்று அத்தியாயங்கள், 24 பக்கம். நாளுக்கு 6 என்றால் 4 நாள். சரிபார்க்க வேண்டியது 5 முதல் 8 வரை, 32 பக்கம், 2 நாள். மொத்தம் 6 வேலை நாள். 17-ஆம் தேதியே தொடங்கி, சனி ஞாயிறை விட்டுவிட்டு எண்ணினால் 24-ஆம் தேதி செவ்வாய் மாலை முடியும். எதிர்பாராததற்கு ஒரு நாள் சேர்த்து, 25-ஆம் தேதி புதன்கிழமை என்று கேளுங்கள்.

சனி ஞாயிறு உட்கார்ந்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றலாம். அந்த இரண்டு நாளைக் கணக்குக்கு வெளியே வையுங்கள். ஏதாவது தடங்கல் வந்தால் சமாளிக்க அதுதான் மிச்சம்.

படி 3: காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்

ஒரு காரணம் போதும். உடம்பு சரியில்லை, இணையம் வேலை செய்யவில்லை, கோப்பும் மாறிவிட்டது என்று மூன்றை அடுக்கினால் மூன்றுமே பலவீனமாகத் தெரியும். உண்மையில் நாட்களைத் தின்ற காரணம் எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

காரணத்தின் அளவும் கேட்கும் நாட்களின் அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இங்கே 16 பக்கத்தை மறுபடி மொழிபெயர்க்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். நாம் கேட்பதும் மூன்று வேலை நாள்தான். படிப்பவர் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார். அரை நாள் தடங்கலைச் சொல்லி ஒரு வாரம் கேட்டால், வேலை முன்பே பின்தங்கியிருந்தது என்பதும் அதேபோல் புரிந்துவிடும்.

இந்த உதாரணத்தில் மாற்றம் எதிர்த்தரப்பிலிருந்து வந்தது. "நீங்கள் கடைசி நேரத்தில் மாற்றியதால்" என்று எழுதக் கை பரபரக்கும். வேண்டாம். "16-ஆம் தேதி வந்த திருத்திய பதிப்பில் இரண்டு அத்தியாயங்கள் மாறியிருக்கின்றன" என்றால் தேதியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

காரணம் உங்கள் பக்கம் என்றாலும் சொல்ல வழி இருக்கிறது. "இந்த அத்தியாயத்தின் கலைச்சொற்களுக்கு ஆகும் நேரத்தை நான் குறைவாகக் கணித்துவிட்டேன்" என்பது நேர்மையான காரணம். உடல்நலம் என்றால் நோயின் விவரம் தேவையில்லை. "மூன்று நாள் வேலை செய்ய முடியவில்லை, நேற்று முதல் மறுபடி தொடங்கிவிட்டேன்" என்பது போதும். இதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். தடங்கல் தீர்ந்துவிட்டதா, இன்னும் நீடிக்கிறதா என்பதுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

படி 4: பழைய தேதியில் எதைக் கொடுக்க முடியும் என்று பாருங்கள்

உங்கள் வேலைக்காக யார் காத்திருக்கிறார்கள்? இங்கே 23-ஆம் தேதி பக்க வடிவமைப்பு தொடங்க வேண்டும். வடிவமைப்பவருக்கு முதல் நாளே 64 பக்கமும் தேவைப்படாது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். 6, 7-ஐத் தள்ளிவைத்து 5-ஐச் சரிபார்க்க அரை நாள். 8-ஐ மொழிபெயர்த்துச் சரிபார்க்க இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. ஆக 19-ஆம் தேதியே இரண்டும் தயாராகிவிடும். 20-ஆம் தேதி 64-இல் 48 பக்கம் அவர் கையில் இருக்கும். இது வெறும் அவகாசக் கோரிக்கையாக இல்லாமல் வாடிக்கையாளர் ஏற்கக்கூடிய திட்டமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

படி 5: எழுதுங்கள்

கேட்பதை முதலில் வையுங்கள். காரணத்தில் தொடங்கினால், என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியாமலே அவர் நான்கு வரி படிக்க வேண்டியிருக்கும்.

> பொருள்: கையேடு மொழிபெயர்ப்பு – கெடுவை மார்ச் 20-லிருந்து 25-க்கு மாற்றக் கோரிக்கை
>
> வணக்கம் மேடம்,
>
> மார்ச் 20, வெள்ளிக்கிழமை தர வேண்டிய கையேட்டு மொழிபெயர்ப்பை மார்ச் 25, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் முழுமையாகத் தர அனுமதி வேண்டுகிறேன்.
>
> நேற்று (16-ஆம் தேதி) வந்த திருத்திய பதிப்பில் 6, 7-ஆம் அத்தியாயங்கள் முழுவதும் மாறியிருக்கின்றன. அந்த 16 பக்கங்களைப் புதிதாக மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.
>
> 1 முதல் 4 வரையான அத்தியாயங்கள் சரிபார்த்து முடிந்தன, இத்துடன் இணைத்திருக்கிறேன். 5-ஆம் அத்தியாயத்தில் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. 8-ஐ இன்று தொடங்குகிறேன். 5, 8 இரண்டையும் ஏற்கெனவே சொன்னபடி 20-ஆம் தேதி அனுப்பிவிடுவேன். 6, 7 மட்டும் 25-ஆம் தேதி வரும்.
>
> பக்க வடிவமைப்பு 23-ஆம் தேதி தொடங்கும் என்று சொல்லியிருந்தீர்கள். அப்போது கையில் இருக்கும் 48 பக்கங்களோடு தொடங்க இயலுமா? வேறு பகுதி முதலில் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வரிசையை மாற்றிக்கொள்கிறேன்.
>
> நாளை மதியத்துக்குள் பதில் தெரிந்தால் உதவியாக இருக்கும்.
>
> நன்றி.

"மிகவும் வருந்துகிறேன்" என்று ஒரு முறைகூட இதில் வரவில்லை. தவறு உங்களுடையது என்றால் ஒரு முறை எழுதுங்கள், நிறுத்திக்கொள்ளுங்கள். இணைப்பை மட்டும் மறக்க வேண்டாம். "முடிந்துவிட்டது" என்ற சொல்லுக்கு அந்தக் கோப்புதான் சாட்சி.

படி 6: எப்போது அனுப்புவது?

முடியாது என்று கணக்கு சொன்ன அன்றே. 16-ஆம் தேதி மாலை செய்தி வந்தது, 17-ஆம் தேதி காலை எண்ணிப் பார்த்தீர்கள், அன்று மதியத்துக்குள் மெயில் போய்விட வேண்டும். அப்போது வடிவமைப்பவரின் நாட்களை மாற்றி அமைக்க வாடிக்கையாளருக்கு மூன்று நாள் இருக்கும். இதே மெயிலை 20-ஆம் தேதி மாலை அனுப்பினால், ஒரு வார்த்தைகூட மாறாவிட்டாலும், அவருக்கு வேறு வழியே இல்லை.

பதில் வந்த பிறகு

பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் மதியம் போன் செய்யுங்கள். சரி என்று ஒருவர் சொல்லும்வரை பழைய கெடுதான் கெடு.

முடியாது என்று பதில் வரலாம். சில கெடுக்கள் அவர் கையிலேயே இருக்காது. அச்சகத்தில் நாள் குறித்திருப்பார்கள், அல்லது ஒரு விண்ணப்பம் அந்த நேரத்தோடு மூடிவிடும். அங்கே நாளைக் கேட்டுப் பயனில்லை, வேலையின் அளவைக் கேளுங்கள்: "20-ஆம் தேதிக்குள் எந்த அத்தியாயங்கள் கட்டாயம் வேண்டும்? 6, 7-ஐ மட்டும் இன்னொருவரோடு பிரித்துக்கொள்ளலாமா?"

சரி என்று வந்தால், "நன்றி. 5, 8 மார்ச் 20, 6, 7 மார்ச் 25 மாலை 5 மணி" என்று ஒரே வரியில் பதில் போடுங்கள். போனில் சம்மதித்திருந்தால் இந்த வரி இன்னும் அவசியம். ஒப்பந்தத்திலோ வேலை ஆணையிலோ பழைய தேதி இருந்தால், அதையும் மாற்றித் தரும்படி அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். பில் அனுப்பும்போது கணக்குப் பிரிவில் இருப்பவர் உங்கள் மெயிலைப் பார்க்க மாட்டார், அந்த ஆணையில் இருக்கும் தேதியைத்தான் பார்ப்பார்.